பந்து பட்ட கண்: பார்வை தெளிந்த பிறகும் ஏன் ஓய்வு?

கேள்வி: டாக்டர் ஐயா, களக்காட்டுப் பக்கம் எங்க ஊர். சனிக்கிழமை சாயங்காலம் வத்திக் கிடந்த குளத்துல கிரிக்கெட் ஆடும்போது என் மகனுக்கு (12 வயசு) டென்னிஸ் பந்து வலது கண்ணுல பட்டுட்டு. பாளையங்கோட்டையில காட்டினோம். கண்ணுக்குள்ள முன்பக்கம் ரத்தம் தேங்கியிருக்கு, ஓடியாடாம இருக்கணும், ஐந்து நாள் தினமும் வந்து காட்டணும்னு சொன்னாங்க. இன்னைக்கு செவ்வாய். பார்வை தெளிஞ்சிட்டு, வலியும் இல்ல. இன்னும் தினமும் பஸ்ல கூட்டிட்டுப் போகணுமா? பள்ளிக்கூடம் அனுப்பலாமா?

பதில்: பள்ளிக்கூடம் வேண்டாம். இன்றைக்கும் நாளைக்கும் நாளை மறுநாளும் கட்டாயம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இப்படி அடிபட்ட கண்ணில் இரண்டாவது முறை ரத்தம் கசிவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில்தான். உங்கள் மகன் இப்போது சரியாக அந்த நாட்களில் இருக்கிறான்.

டென்னிஸ் பந்துதானே, மெத்தென்றுதானே இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்கு அது அப்படியில்லை. மெத்தென்ற பந்து வேகமாக வந்து மோதும்போது நசுங்கி, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு வளையத்தையும் தாண்டி உள்ளே பிதுங்கிக் கண்ணையே அழுத்திவிடும். முன்னும் பின்னுமாக நசுங்கும் கண் பக்கவாட்டில் விரிகிறது. கருவிழியின் கண்ணாடிக்கும், அதன் பின்னால் திரைபோல் இருக்கும் ஐரிஸுக்கும் நடுவில் தெளிந்த நீர் நிறைந்த ஒரு சிறிய அறை உண்டு. அந்த நீர் ஓரத்தை நோக்கி வேகமாகத் தள்ளப்படும்போது ஐரிஸ் வேர்விட்டிருக்கும் இடம் கிழிகிறது. அங்குள்ள ரத்தக் குழாயிலிருந்து வரும் ரத்தம்தான் அந்த அறையில் தேங்குகிறது.

சரி, பார்வை எப்படித் தெளிந்தது? பையன் உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் அறையின் அடியில் வண்டல்போலப் படிகிறது; கண்மணிக்கு நேராக இருந்த நீர் தெளிந்துவிடுகிறது. நாளைக் காலையில் எழுந்ததும் அவனைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி தட்டையாகப் படுத்திருந்தால், ‘இப்போ கொஞ்சம் மங்கலா இருக்கு’ என்பான். உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் போனால் ‘சரியாயிட்டு’ என்பான். ரத்தம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, படிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தலைப்பக்கம் இரண்டு மூன்று தலையணை வைத்தோ, சாய்வு நாற்காலியிலோ, தலை உயர்ந்திருக்கும்படி தூங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கிழிந்த குழாயின் வாயை இப்போது அடைத்துக்கொண்டிருப்பது ஒரு ரத்தக் கட்டி. இரண்டு மூன்று நாளில் அது சுருங்கிக் கரையத் தொடங்கும். ஆனால் அதற்குள் குழாயின் காயம் முழுதாக ஆறியிருக்காது. அந்த நேரத்தில் ஒரு ஓட்டம், ஒரு தள்ளுமுள்ளு, கண்ணைக் கசக்குதல் போதும், அடைப்பு விட்டுப்போக. இரண்டாவது கசிவு பல சமயம் முதல் கசிவைவிடப் பெரியதாக இருக்கும்.

நான் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன். 13 வயது, அம்பாசமுத்திரம் பக்கம். முதல் நாள் அவன் கண்ணில் ரத்தம் அடியில் 2 மில்லிமீட்டர் உயரம்தான். கண் அழுத்தம் 20. சாதாரணமாக அது 10 முதல் 21 வரை இருக்கும். மூன்றாம் நாள் நன்றாகத் தெளிந்திருந்தது. நான்காம் நாள் ஊரில் அம்மன் கோயில் கொடை; வரவில்லை. சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஓடியாடியிருக்கிறான். சாயங்காலம் தலைவலி என்றதும் வீட்டிலிருந்த இபுபுரூஃபன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு தடவை வாந்தி. கொடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாந்தியையும் கண்ணையும் யார் சேர்த்து நினைப்பார்கள்? காலையில் கொண்டுவந்தபோது ஐரிஸே தெரியாமல் முன்னறை முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது. அழுத்தம் 46. உள்ளே ஊறும் நீர் வெளியேறும் வடிகாலை ரத்தம் அடைத்துவிட்டது. அதனால்தான் தலைவலியும் வாந்தியும். சொட்டு மருந்து, மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்தும் அழுத்தம் போதுமான அளவு இறங்கவில்லை. கருவிழியின் உட்புறத்தில் ரத்தக் கறை ஏறத் தொடங்கியது. அறுவை அரங்குக்குக் கொண்டுபோய் ரத்தத்தைக் கழுவி எடுத்தோம். கண் தப்பியது. ஆனால் பார்வை 6/12-க்கு மேல் வரவில்லை; மற்றவர்கள் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை அந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும்.

ஆகவே, போன தடவை பார்த்ததைவிடப் பார்வை மங்கினாலோ, கண்வலி, தலைவலி, வாந்தி வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் போகலாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். இபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் மூன்றும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். இந்த வாரம் அவை வேண்டாம்.

ஓய்வு என்றால் கட்டிப்போட்டதுபோல் படுக்கவைப்பதல்ல. ஒரு காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி ஐந்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தோம். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுந்து நடமாடும் பிள்ளைகளுக்கும் அதைவிட மோசமாக ஆவதில்லை என்று பின்னால் தெரிந்தது. மெல்ல நடக்கலாம், தள்ளி உட்கார்ந்து டிவி பார்க்கலாம். ஓட்டம், சைக்கிள், குளத்துக் குளியல், குனிந்து கனம் தூக்குதல் கூடாது. புத்தகமும் செல்போனும் சில நாளைக்கு வேண்டாம். கண்மேல் வைக்கும் கெட்டியான மூடியை, முக்கியமாகத் தூங்கும்போது, எடுக்க விடாதீர்கள். அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டக் கூடாது.

அட்ரோபின் சொட்டு கொடுத்திருப்பார்கள். கண்மணியை விரித்து, ஐரிஸை அசையாமல் வைக்கத்தான் அது. கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும், வெயிலில் கண் கூசும். நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் இப்படி இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன அளவுக்கு மேல் கடையில் வாங்கி விடாதீர்கள், அதுவே அழுத்தத்தை ஏற்றும். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

பஸ் செலவும் அலைச்சலும் எனக்குப் புரிகிறது. தினமும் முடியாதென்றால் மருத்துவரிடம் சொல்லி இந்த மூன்று நாள் உள்ளேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால், அருகில் ஸ்லிட் லாம்ப் கருவியும் அழுத்தம் பார்க்கும் வசதியும் உள்ள கண் மருத்துவரிடம் சீட்டைக் காட்டி அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போனால் கடைசி இருக்கையில் உட்கார வைக்காதீர்கள், குலுங்கும்.

ரத்தம் முழுதும் போய், மருத்துவர் சொன்ன பிறகு பள்ளிக்கூடம். விளையாட்டு அதற்கும் பின்னால். அப்புறம் சுமார் ஒரு மாதத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அந்தக் கிழிசல் வடிகால் ஓரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஒரு சிறப்பு லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். புதுக் காயத்தில் அதை வைத்து அழுத்தினால் மறுபடி கசியலாம் என்பதால்தான் இத்தனை நாள் காத்திருப்பது. கூடவே கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வடிகாலின் பாதி வட்டத்துக்கு மேல் கிழிந்திருந்தால் பல வருடம் கழித்து, வலியே இல்லாமல், அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறிக் கிளாக்கோமா வரலாம். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டும். 30 வயதில் வேறு ஊரில் இருந்தாலும், ‘12 வயசுல வலது கண்ணுல பந்து பட்டு ரத்தம் தேங்கிச்சு’ என்று அவன் எந்தக் கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இந்த வாரச் சீட்டுகளை அவன் பள்ளிச் சான்றிதழ் வைக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள்.