அரிவாள் செல் வலியும் ஹைட்ராக்ஸியூரியாவும்

கேள்வி: சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்தால் ஏன் இவ்வளவு வலி? ஹைட்ராக்ஸியூரியா அதை எப்படிக் குறைக்கிறது?

வளைவதைவிட எப்போது வளைகிறது என்பதுதான் விஷயம். இந்த நோயில் சிவப்பணுவுக்குள் இருக்கும் மாறுபட்ட ஹீமோகுளோபினான ஹீமோகுளோபின் எஸ், ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று கோத்து இழையாகிச் செல்லை விறைக்கவைக்கிறது, ஆனால் உடனே அல்ல, கொஞ்சம் தாமதித்துத்தான். தந்துகியைக் கடக்க ஓரிரு நொடி போதும் என்பதால் பெரும்பாலான செல்கள் விறைப்பதற்குள் தப்பிவிடும். அதைத் தாண்டிய சிறு சிரைகளின் சுவரில் வெள்ளணுக்களும் ஒட்டும் தன்மையுள்ள சிவப்பணுக்களும் அப்பிக்கொண்டால்தான் வம்பு. ஓட்டம் மந்தமாகி, பின்னால் வருபவை அங்கேயே விறைத்து அடைத்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை ரத்தமில்லாமல் சாகிறது, அந்த வலிதான் அது. மண்ணீரலில் இயல்பாகவே ஓட்டம் மெதுவு, அதனால் பலருக்குச் சிறுவயதிலேயே அது சுருங்கிச் செயலிழக்கிறது.

சரி, மருந்து? நாம் கருவில் இருந்தபோது இருந்த ஹீமோகுளோபின் எஃப்-ஐ அது மறுபடி கூட்டுகிறது. எஃப் இழையில் சேராது, எனவே தாமதம் நீண்டு செல் நழுவிவிடுகிறது. வெள்ளணுக்கள் குறைவதால் ஒட்டுவதும் குறையும். 1995-இல் வெளியான ஆய்வில், போலி மருந்து எடுத்த பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலித்தாக்குதல், இந்த மருந்து எடுத்தவர்களிடம் 2.5 ஆக இருந்தது (இடைநிலை அளவு). பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும், வலி வந்த அன்று விழுங்கிப் பயனில்லை. நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதைச் சிவப்பணுவின் சராசரிப் பருமன் ஏறுவதே காட்டிக்கொடுக்கும். வெள்ளணுவில் ஒருவகையான நியூட்ரோஃபிலோ தட்டணுவோ மிகவும் இறங்கினால் மருத்துவர் நிறுத்திவைத்து, தேறியபின் குறைந்த அளவில் தொடங்குவார்.