ஜோக் அடித்தேன், கையைத் தட்டிவிட்டாள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எனக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை, கல்யாணமாகி ஆறு வருஷம். என் தம்பிக்குப் பத்தாயிரம் கொடுத்ததை மனைவியிடம் சொல்லவில்லை, அது தெரிந்து போன வாரம் பெரிய சண்டை. சூடு தணியட்டுமே என்று "சரிங்க நிதியமைச்சரே, கணக்கு காட்டிடறேன்" என்று தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டு அழுதாள். அப்புறம் திட்டிக்கொண்டே என் தட்டில் ரசம் ஊற்றி, "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள். எனக்கு இன்னும் எரிச்சல், எழுந்து போய்விட்டேன். சிரிக்க வைத்தால் சண்டை நிற்கும் என்கிறார்களே, எனக்கு ஏன் நிற்கவில்லை?

தம்பி, அந்த ஜோக்கில் கேலிக்கு ஆளானது யார்? உங்கள் மனைவிதானே. பணத்தை மறைத்தது நீங்கள், ஆனால் கணக்குக் கேட்பதுதான் குற்றம் மாதிரி ஆகிவிட்டது. உங்கள் ஊர்க்காரர்களே சொல்வார்களே, கோட்டை இருக்கு ராஜா இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை என்று. "சொல்லாம கொடுத்தது என் தப்புதான்" என்று முதலில் ஒத்துக்கொண்டு, அதோடு "நம்ம வீட்ல புருஷன் இருக்கான், புத்திதான் இல்லை" என்று சேர்த்திருந்தால் அடி உங்கள் மேலேயே விழுந்திருக்கும். தப்பை ஒத்துக்கொள்ளாமல் வெறும் ஜோக் மட்டும் வந்தால் நழுவப் பார்க்கிறான் என்றுதான் தோன்றும்.

இன்னொன்று, நேரம். தம்பதிகளின் சண்டைகளைப் படம்பிடித்து, இதயத்துடிப்பையும் அளந்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வது இது: துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் பேசுவது சரியாக ஏறாது, அன்பாகச் சொன்னாலும் குத்தலாகவே கேட்கும். மணிக்கட்டில் 15 விநாடி எண்ணுங்கள், 25-க்கு மேல் போனால் உங்களுக்கு அந்த நிலைதான். மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது, ஆனால் குரல் நடுங்குவதும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதும் தெரியும். அப்போது தோளில் கை வைத்தால் அடக்கப் பார்க்கிறான் என்று உடம்பு உதறும். "அரை மணி கழிச்சு இதே இடத்துல பேசலாம், நானே வரேன்" என்று சொல்லிவிட்டு விலகுங்கள். உடம்பு அடங்க 20 நிமிடமாவது ஆகும், அதுவும் மாடியில் நின்று அடுத்த வசனத்தை யோசித்தால் அடங்காது. திரும்பி வந்து, அவர் கைக்குப் பக்கத்தில் உங்கள் கையை மேஜைமேல் விரித்து வையுங்கள், போதும், தொடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அடி உதையோ பயமோ இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது, அங்கே முதலில் பாதுகாப்புதான்.

அப்புறம் அந்த ரசம். கோபம் தீராமலேயே "ஆறிப்போகுது" என்றாரே, நீங்கள் ஜோக்கில் செய்யப் பார்த்ததை அவர் கரண்டியில் செய்திருக்கிறார். எழுந்து போனது நீங்கள்தான்.