வளைவுல காரை உள்ள இழுக்குற டிஃப்

கேள்வி: எலக்ட்ரானிக் எல்எஸ்டி, டார்க் வெக்டரிங் ரெண்டும் ஒண்ணா? ஓட்டும்போது தெரியுமா?

ஒண்ணு இல்ல. டிஃப்னா இன்ஜின் சக்தியை ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற கியர் அமைப்பு, எல்எஸ்டினா ஒரு சக்கரம் சும்மா சுத்துறதைக் கட்டுப்படுத்துற டிஃப். கோல்ஃப் ஜிடிஐ எடுத்துக்கோங்க, முன்சக்கர டிரைவ். வளைவுல வெயிட் வெளிப்பக்கம் சாயுது, உள் சக்கரம் லேசாகி ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் சும்மா சுத்தும், சாதா டிஃப் ரெண்டு பக்கமும் டார்க்கை, அதாவது சக்கரத்தைச் சுத்தவைக்கிற விசையை, சமமாத்தான் குடுக்கும்ங்கறதால வெளி சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான், கார் வளைவுக்கு வெளிப்பக்கமா அகலமா ஓடும். ஜிடிஐல இருக்கற எலக்ட்ரானிக் எல்எஸ்டில கம்ப்யூட்டர் ஒரு கிளட்ச் பேக்கை ஹைட்ராலிக் பிரஷர்ல அழுத்தி டார்க்கை வெளி சக்கரத்துக்குத் தள்ளுது.

ஆனா கிளட்ச் வேகமா சுத்துறதுலேர்ந்து மெதுவா சுத்துறதுக்குத்தான் டார்க் மாத்தும். உள் சக்கரம் ஸ்லிப் ஆகாதப்போ வெளி சக்கரம்தான் வேகம், அப்ப பூட்டுனா கார் திரும்பவே அடம்பிடிக்கும். 1996 மிட்சுபிஷி எவோ 4 பின்னாடி ஏஒய்சிங்கற டிஃப் வச்சது இதுக்குத்தான், கூடுதல் கியர் இருக்கறதால ஏற்கனவே வேகமா போற சக்கரத்துக்கும் டார்க் ஏத்தலாம், அதான் அசல் வெக்டரிங். உள் சக்கரத்தை பிரேக் பிடிச்சு செய்றதையும் சில கம்பெனிங்க அதே பேர்ல விக்கிறாங்க, எனக்கு அது ஏமாத்து மாதிரிதான்.

ஜிடிஐல உணரணும்னா காலி டிராக்ல செகண்ட் கியர் வளைவு பாதியில ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்க: ஸ்டியரிங் லேசா கனக்கும், மூக்கு உள்ள இழுக்கும். பிரேக் டைப்னா இழுப்பு கம்மி, நாலஞ்சு சுத்துல பிரேக் சூடாகி இன்னும் குறையும்.