புரோநோட்டா, கடன் ஒப்பந்தமா: திருப்பிக் கொடுத்த பணத்தில் தகராறு வந்தால் எது எதை நிரூபிக்கும்?

கேள்வி: என் மாமா வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறார். 10-06-2022 அன்று தெரிந்த நூல் வியாபாரி ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 3 லட்சம் வாங்கினார், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 10-06-2023 அன்று ஜிபேயில் 1 லட்சம், சரியாக அடுத்த வருடம் கையில் 80,000 கொடுத்தார். இப்போது 2025 மே மாதம், முழு அசலும் வட்டியும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த 1 லட்சம் நூல் பாக்கிக்கு வந்தது என்றும், 80,000 வாங்கவே இல்லை என்றும் சொல்கிறார். அக்ரிமெண்ட் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமா?

பதில்:

காங்கயம் பக்கம் சிவில் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இந்தத் தகராறு எங்கள் பகுதியில் தறிக்காரர்களிடமும் மஞ்சள் விவசாயிகளிடமும் அடிக்கடி வருகிறது. கடன் வாங்கியதை நிரூபிப்பதில் புரோநோட்டு, பணம் கொடுத்தவர் பக்கம் நிற்கும். எதற்காக எவ்வளவு திரும்ப வந்தது என்ற கேள்வியில், ஒழுங்காக எழுதிய ஒப்பந்தம், கடன் வாங்கியவருக்குக் கைகொடுக்கும். மாமா கடனை மறுக்கவில்லை, கணக்கைத்தான் மறுக்கிறார். அதனால் ஒப்பந்தம் இருந்திருந்தால் அவருக்கு நல்லதுதான். அது இல்லாமலும் அவர் கையில் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம்.

முதலில் அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கும் என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே வாசகம்தான்: என் குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட தொகை இவ்வளவு, இதை வட்டியுடன் தாங்கள் விரும்பும்போது தங்களிடமாவது தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது செலுத்தி இந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கீழே ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேல் கையெழுத்து. கையெழுத்து மாமாவுடையது என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியது என்றே கோர்ட் அனுமானிக்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 118 அப்படிச் சொல்கிறது. பணம் கொடுத்ததற்குச் சாட்சி கொண்டு வரும் சுமை வியாபாரிக்கு இல்லை. பணமே வாங்கவில்லை என்று சொல்கிறவர்தான் அந்த அனுமானத்தை உடைக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காகிதம் பேசுவது எழுதிய நாளைப் பற்றி மட்டுமே. அதற்குப் பிறகு எவ்வளவு திரும்பியது என்று முன்பக்கம் எதுவும் சொல்லாது. நோட்டு இன்னும் வியாபாரியிடமே இருப்பதால் பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் கோர்ட்டுக்கு வரும். நோட்டு எழுதிக் கொடுத்தவர் கைக்கே வந்திருந்தால் கடன் தீர்ந்தது என்று அனுமானிக்க சாட்சியச் சட்டத்தில் இடம் உண்டு. எனவே கொடுத்துவிட்டேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு மாமாவுடையது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நோட்டீஸ்படி 3 லட்சம் அசல், 10-05-2025 வரை 35 மாதத்துக்கு மாதம் 3,000 வீதம் 1,05,000 வட்டி, ஆக 4,05,000. இனி ஜிபேயில் போன 1 லட்சத்தை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? வேறு பேச்சு இல்லாவிட்டால் வருகிற பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும். ஒரு வருட வட்டி 36,000 போக 64,000 அசலில் கழிந்து, அசல் 2,36,000 ஆகிறது. அதற்கு 23 மாத வட்டி 54,280 சேர்த்தால் 2,90,280. ரொக்கம் 80,000-மும் ஏற்கப்பட்டால், அந்த வருட வட்டி 28,320 போக அசல் 1,84,320 ஆகி, 11 மாத வட்டியோடு சுமார் 2,04,600 வரும். இந்த மூன்று தொகையில் எது நிற்கும் என்பதுதான் உங்கள் வழக்கு முழுக்க.

1 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். வந்தது என்று நோட்டீஸிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார், அது மாமாவுக்குப் பெரிய பலம். இனி கேள்வி, எந்தக் கடனுக்கு என்பதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 59 மற்றும் 60-ஐ இங்கே பார்க்க வேண்டும். ஒருவருக்கே இரண்டு பாக்கி இருக்கும்போது, பணம் கொடுக்கிறவர் இது இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குகிறவர் அதை அந்தக் கடனில்தான் வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை அதைக் காட்டினால் போதும். ஒன்றுமே தெரியாவிட்டால், வாங்கியவர் தன் விருப்பப்படி எந்தப் பாக்கியிலும் வைத்துக்கொள்ளலாம், காலம் கடந்துபோன பாக்கியில்கூட. நூல் பாக்கி என்ற வாதம் வருவது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் அப்படி ஒரு பாக்கி உண்மையில் இருந்ததை அவர் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை நூல், எந்தப் பில், ஜிஎஸ்டி கணக்கில் வந்திருக்கிறதா, அவருடைய பேரேட்டில் அந்த 1 லட்சம் எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மாமா தரப்பில் அன்றைய வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். “அண்ணா, நோட்டுக் கணக்குல ஒரு லட்சம் போட்டுட்டனுங்க” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் பிரிவு 59 அவர் பக்கம் வந்துவிடும். கடன் வாங்கிய அதே தேதியில், சரியாக ஒரு வருடம் முடிந்த அன்று போட்டதும் ஒரு சூழ்நிலைதான். வாட்ஸ்அப்பைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய அதற்கென்று உள்ள சான்றுரை வேண்டும். அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

80,000 கடினமானது. ரொக்கமாகக் கொடுக்கும்போது, “நமக்குள்ள எதுக்குங்க தம்பி, நோட்டுல அப்புறம் எழுதிக்கலாம்” என்று சொல்லியிருப்பார், மாமாவும் “சரிங்கண்ணா” என்று வந்திருப்பார். அதற்கு முந்திய ஓரிரு நாளில் அந்த அளவு பணம் பாங்கிலிருந்து எடுத்ததற்குப் பதிவு இருக்கிறதா, கூட வந்தவர் யார், அதன் பிறகு பாக்கியைப் பற்றி இருவருக்கும் ஏதாவது செய்தி போயிருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர் சாட்சி மட்டும் என்றால் குறுக்கு விசாரணையில் நிற்பது சிரமம். என் கணிப்பில், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,90,280 பக்கம்தான் கணக்கு முடியும்.

இப்போது அக்ரிமெண்ட். இருவரும் கையெழுத்துப் போடுவதால், அதில் எழுதியது கொடுத்தவரையும் கட்டும். இந்தக் கடனுக்கான எல்லாப் பணமும் இந்த பாங்குக் கணக்கில் மட்டுமே செலுத்தப்படும், அந்தக் கணக்கில் வருவது இந்தக் கடனில்தான் வரவாகும், வேறு பாக்கியில் வைக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்திருந்தால் நூல் பாக்கி வாதத்துக்கே இடமில்லை. தவணைத் தேதியும் தொகையும் எழுதியிருந்தால், வந்த பணம் தவணைக்குப் பொருந்துகிறதா என்று நீதிபதி பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த 80,000-ஐ எந்த அக்ரிமெண்டும் தானாக நிரூபிக்காது. பாங்கு வழி மட்டும் என்று எழுதிவிட்டு ரொக்கம் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்.

கொடுக்கிறவர் கோணத்தில் அக்ரிமெண்ட் பலவீனமானது. பிரிவு 118 அனுமானம் அதற்கு இல்லை. வாங்கியவர் மறுத்தால் பணம் கொடுத்ததைக் கொடுத்தவரே நிரூபிக்க வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் நோட்டையே கேட்பதற்குக் காரணம் இதுதான். சிலர் இரண்டும் வாங்குவார்கள். அப்போது அக்ரிமெண்டில் நோட்டின் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு, இரண்டும் ஒரே கடன் என்று எழுதியே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே 3 லட்சத்துக்கு இரண்டு வழக்கு வரும்.

அடுத்து நோட்டின் பின்பக்கம். பகுதிப் பணம் வந்தால் அங்கேதான் தேதி போட்டு வரவு எழுதுவது வழக்கம். நோட்டின் மேல் வழக்குப் போட எழுதிய நாளிலிருந்து 3 வருடம்தான் அவகாசம், உங்களுக்கு அது 10-06-2025. அதற்குள் மாமா கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ ஒரு வரவு இருந்தால், அந்தப் பணம் கொடுத்த தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். காலக்கெடு சட்டம் 1963, பிரிவு 19. வியாபாரி மட்டும் எழுதி, மாமா கையெழுத்து இல்லாத வரவு கெடுவை நீட்டிக்காது, ஆனால் பணம் வந்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். கெடு முடியும் தறுவாயில் 500, 1,000 என்று திடீர் வரவு முளைப்பதும் உண்டு. பிரிவு 118 அனுமானம் நோட்டுக்குத்தான், அந்த வரவை வழக்குப் போட்டவரே நிரூபிக்க வேண்டும். அதனால் இப்போதே இரண்டு பக்கத்துக்கும் நகல் கேட்டு எழுதுங்கள். ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்தோ கோடோ போட்டு அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டாம்பு இல்லாத அக்ரிமெண்டை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது. ஆனால் ஆட்சேபணையை நோட்டு சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படும்போதே சொல்லிவிட வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதில் கட்டாயம் அனுப்புங்கள். அதில் கையெழுத்து என்னுடையதே இல்லை என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். கையெழுத்து மாமாவுடையது என்று நிரூபணமானால், அதன் பிறகு அவர் சொல்லும் 1 லட்சத்தையும் 80,000-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டு, இரண்டு தேதியும் தொகையும் சொல்லி, உங்கள் கணக்குப்படி பாக்கி சுமார் 2,04,600 என்று எழுதுங்கள். அந்தப் பதிலே கெடுவை நீட்டிக்கும் எழுத்தாகவும் ஆகிவிடலாம் என்பதால், வாசகத்தை உங்கள் வக்கீலிடம் காட்டி அனுப்புங்கள்.

பேசி முடிக்க முடிந்தால் நல்லது. அப்போது கடைசிப் பணத்தை பாங்கு வழியே கொடுத்து, அசல் நோட்டைக் கையோடு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லவும், கொடுத்ததும் திரும்பப் பெறவும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 81 உங்களுக்கு உரிமை தருகிறது. நோட்டை வேறொருவருக்கு மேடோவர் செய்திருந்தால், அதாவது பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு உரிமையை மாற்றியிருந்தால், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதே மாறிவிடும், அதனால் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் போட வேண்டாம். பின்பக்கத்தில் பைசலாகப் பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டு தொலைந்துவிட்டது என்று சொன்னால், பின்னால் அதே நோட்டோடு யார் வந்தாலும் நஷ்டத்தை நானே ஏற்கிறேன் என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணத்தை அனுப்ப வேண்டும்.