எந்தச் சாலை யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலையில் பெரிய பள்ளம். அது தேசிய நெடுஞ்சாலையா, மாநிலச் சாலையா, மாவட்டச் சாலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் புகார் சொல்வது?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

பலர் தடுமாறுவது தேசிய நெடுஞ்சாலையில்தான். அதை அறிவிப்பது மத்திய அரசு. ஆனால் எல்லாவற்றையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பராமரிப்பதில்லை. சேலம், மதுரை வழியாகப் போகும் 44-ஆம் எண் சாலை ஆணையத்திடம் இருக்கிறது, 1033-க்கு அழைக்கலாம். மேட்டுப்பாளையம்–ஊட்டி 181-ஐ மத்திய அரசின் பணத்தில் பராமரிப்பது தமிழக நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. சுங்கச்சாவடி இருந்தால் பெரும்பாலும் ஆணையத்தின் சாலைதான்.

மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். அந்தப் பகுதி உதவிக் கோட்டப் பொறியாளரிடம் சொல்லுங்கள். அப்புறம், கிராமத்துக்குள் போகும் சாலை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.