ஸகாத்தை ‘டொனேஷன்’ என்று எழுதினால்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் குருநகரைச் சேர்ந்தவள். தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பில் பயிற்சி பெற்று வருகிறேன். கோவில் அறிவித்தல்களும் பள்ளிவாசல் கடிதங்களும் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. அருட்சாதனம், ஸகாத், இப்தார் போன்ற சொற்களுக்கு அகராதிக்கு அகராதி வேறு வேறு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. இவற்றை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால் போதும் என்கிறாள் என் தோழி. எனக்கு அது வேலையிலிருந்து தப்பிக்கொள்வது போலத் தோன்றுகிறது. எது முறை என்று விளக்குவீர்களா?

இங்ஙனம்,
ஒரு வாசகி, குருநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொல்லும் வழி ஸகாத்துக்குப் பொருந்தும், அருட்சாதனத்துக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை நான் ஒரு தவறு செய்த பிறகுதான் அறிந்துகொண்டேன். ஆகவே அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், சோனகதெருவுக்குத் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களுக்கென ஸகாத் சேர்த்த ஒரு குழுவினர், தங்கள் கணக்கறிக்கையை ஆங்கிலத்தில் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அதில் ஸகாத் என்று வந்த இடங்களில் எல்லாம் நான் ‘டொனேஷன்’ என்று எழுதினேன். அதே அறிக்கையில் பள்ளிவாசல் கூரையைத் திருத்துவதற்கு வந்த நன்கொடையும் இருந்தது. அதற்கும் அதே சொல்லைத்தான் இட்டேன். ஆங்கிலப் பிரதியை மட்டும் பார்த்த கணக்காளருக்கு இரண்டும் ஒரே வகைப் பணமாகத் தெரிந்தபடியால் அவற்றை ஒரே நிரலில் கூட்டினார். கூரைச் செலவின் ஒரு பகுதி அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து கழிந்தது. குழுவிலிருந்த முதியவர் ஒருவர் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதே பிழை வெளிப்பட்டது. ஸகாத்திலிருந்து போன தொகையை வேறு பணத்திலிருந்து எடுத்து ஈடுசெய்தார்கள். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இது நாங்கள் கொடுக்கிற காசு இல்லை, ஏழைக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய காசு” என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தைவிடச் சரியான பொருள்விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

நன்கொடை கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. எவ்வளவு, எப்போது, எதற்கு என்பதை அவரே தீர்மானிக்கலாம். ஸகாத்தில் இந்த மூன்றும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. பெறத்தக்கவர்கள் யார் என்பதைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினராக வகுத்துச் சொல்கிறது. வறியவர்களும் தேவையுடையவர்களும் கடன்பட்டவர்களும் வழிப்போக்கர்களும் அவர்களுள் அடங்குவர். கட்டடம் அந்த எட்டில் இல்லை. ஆகையால் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் பள்ளிவாசல் கட்டுவதற்கு ஸகாத்தைச் செலவிட இசைவதில்லை. ‘டொனேஷன்’ என்ற ஒரு சொல்லால் நான் அழித்தது இந்த வரம்பைத்தான்.

அகராதிகள் தரும் மற்றச் சொற்களும் இதே சோதனையில் தவறுகின்றன. ‘சாரிட்டி’ என்பது விரும்பிச் செய்யும் தருமம்; அதற்கு முஸ்லிம்களிடம் ஸதகா என்ற தனிச்சொல் உண்டு, ஸதகாவை ‘வொலன்டரி சாரிட்டி’ என்று தயங்காமல் எழுதலாம். ‘ஆம்ஸ்’ கிட்ட வருகிறது. ஆனால் வாசலில் நிற்பவருக்கு இடும் பிச்சையும் ஆங்கிலத்தில் அதுவே. ‘டைத்’ என்பதுதான் மிகவும் ஏமாற்றும் சொல், ஏனெனில் அதுவும் கடமை, அதற்கும் அளவு உண்டு. அது தசமபாகம். எங்கள் ஊரில் சீர்திருத்த சபையார் வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதை அது குறிக்கிறது. ஒருவருக்கு மாதச் சம்பளம் 80,000 ரூபா என்றால் தசமபாகம் 8,000 ரூபா. அவர் எவ்வளவு சேமித்தார் என்பது அங்கே கேள்வி இல்லை. ஸகாத் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, கையில் தங்கி நின்றதைப் பார்க்கிறது. அணியாமல் சேமிப்பாக 20 பவுண் தங்கத்தை ஒருவர் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அது 160 கிராம். தங்கத்துக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் கீழெல்லை 85 கிராம். இந்த எல்லைக்கு நிஸாப் என்று பெயர். எல்லையைத் தாண்டிய தங்கம் ஒரு முழுச் சந்திர ஆண்டு அவரிடம் இருந்திருந்தால், முழுத் தொகையிலும் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 4 கிராம், அரைப் பவுண், ஸகாத்தாகக் கடமையாகிறது. அவரிடம் இருந்தது 10 பவுண் மட்டும், வேறு சேமிப்பு எதுவும் இல்லை என்றால் அது 80 கிராம். எல்லையைத் தொடாதபடியால் கடமையே இல்லை. (விளைச்சலுக்குக் கணக்கு வேறு: மழையை நம்பி விளைந்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதில் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றைக் கண்டுதான் சிலர் ‘டைத்’ என்று எழுதத் துணிகிறார்கள் என்று நினைக்கிறேன்.)

ஆகவே ஆங்கிலத்தில் ஸகாத் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அகராதிகளும் அதைத் தங்கள் சொல்லாக ஏற்றுப் பல காலமாகிவிட்டது. முதல் முறை வரும்போது மட்டும் ‘ஒப்லிகேட்டரி அன்யுவல் ஆம்ஸ்’ என்று பக்கத்தில் விளக்கம் எழுதினால் போதும். இது தப்பித்தல் ஆகாது. ஒன்றைமட்டும் கவனியுங்கள்: நோன்பின் முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன்னர், குடும்பத்தில் ஆளுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அரிசி என்று கொடுக்கப்படும் ஸகாதுல் பித்ர் வேறொரு கடமை. பேச்சில் அது பித்ரா. நிஸாபும் நாற்பதில் ஒன்றும் அதற்கு இல்லை. பித்ரா விநியோகம் என்ற அறிவித்தலை ‘ஸகாத்’ என்று மட்டும் ஆங்கிலமாக்கினால், ஆண்டு ஸகாத் அரிசியாகப் பகிரப்பட்டது என்று வாசிப்பவர் எண்ணுவார்.

அருட்சாதனத்தில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. ஆங்கிலத்தில் ‘சாக்ரமென்ட்’ என்ற ஒரே சொல் நிற்க, தமிழில் சபைக்குச் சபை, காலத்துக்குக் காலம் சொல் மாறியிருக்கிறது. உங்கள் பாட்டனார் காலத்துக் கத்தோலிக்க நூல்களில் அது தேவதிரவிய அனுமானம்; இன்று திருவருட்சாதனம் அல்லது அருட்சாதனம்; சீர்திருத்த சபைகளின் பழைய நூல்களில் சாக்கிரமெந்து. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் யாருக்கும் விளங்காது. மூன்றையும் ‘சாக்ரமென்ட்’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எழுதும்போது எந்தச் சபை என்பதை விட்டுவிடாதீர்கள். கத்தோலிக்கருக்கு அருட்சாதனங்கள் ஏழு. சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரண்டையே அவ்வாறு கொள்கின்றன. ‘அருட்சாதனங்களைப் பெற்றவர்’ என்று ஒரு சான்றிதழ் சொன்னால் எவற்றைப் பெற்றார் என்பது சபையை அறியாமல் விளங்காது.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பழைய பதிவேடு ஒன்றில் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று இருந்தால், அது மரணத் தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கப்பட்டது. அதன் ஆங்கிலம் ‘எக்ஸ்ட்ரீம் அங்ஷன்’. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர், கடும் நோயுற்ற எவருக்கும் உரியது என்ற பொருள் முன்னுக்கு வந்தபோது தமிழில் அது ‘நோயிற்பூசுதல்’ ஆயிற்று, ஆங்கிலத்திலும் ‘அனொயின்ரிங் ஒவ் த சிக்’ ஆயிற்று. இரண்டு மொழிகளும் ஒரே காரணத்தால் சேர்ந்தே மாறியிருப்பதால், பழைய தமிழுக்குப் பழைய ஆங்கிலத்தையும் புதியதற்குப் புதியதையும் எழுதுங்கள். 1940ஆம் ஆண்டின் பதிவேட்டை இன்றைய ஆங்கிலத்தில் எழுதினால், அந்த மனிதர் சாகும் தறுவாயில் இருந்தார் என்ற செய்தியே காணாமல் போகும்.

எதிர்த் திசையில் மொழிபெயர்க்கும்போதும் ஓர் இடறல் உண்டு. ஆங்கிலத்தில் ‘த பிளெஸட் சாக்ரமென்ட்’ என்று வந்தால் அது ஏழு அருட்சாதனங்களைக் குறிப்பதில்லை. நற்கருணை ஒன்றை மட்டும் குறிக்கிறது. ‘ஆசீர்வதிக்கப்பட்ட அருட்சாதனம்’ என்று எழுதப்பட்டதை நான் அச்சிலே பார்த்து வருந்தியிருக்கிறேன். இதே போல, பேராயர் என்ற சொல் கத்தோலிக்கரிடம் ‘ஆர்ச்பிஷப்’. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்தில் ‘பிஷப்’. கத்தோலிக்கரின் ‘பிஷப்’ ஆயர்.

இப்தாருக்கு வருகிறேன். இங்கே தமிழுக்குச் சொந்தமான சொல்லே இருக்கிறது. ‘நோன்பு திறத்தல்’ என்று சிலரும் ‘நோன்பு துறத்தல்’ என்று சிலரும் எழுதுகிறார்கள். துறத்தல் என்பதை அகராதி வழியே கொண்டுபோனால் நோன்பையே கைவிட்டதாகப் பொருள் வந்துவிடும். எந்த வடிவம் இருந்தாலும் ஆங்கிலம் ‘பிரேக்கிங் த பாஸ்ட்’ என்பதுதான். இப்தார் என்ற சொல்லையும் ஆங்கிலம் ஏற்றுக்கொண்டிருப்பதால் அழைப்பிதழில் அதையே எழுதலாம். எழுதக்கூடாதது ‘டினர்’. மாலை 6.22க்கு இப்தார் என்று அழைப்பிதழ் சொன்னால், அது சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும் கணம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் அந்தக் கணத்தில் வாய்க்குப் போகின்றன. தொழுகை அதைத் தொடரும். ‘டினர் 6.22’ என்று வாசித்தவர் ஏழு மணிக்கு வந்து, தாம் அழைக்கப்பட்ட நிகழ்வு முடிந்துவிட்டதைக் காண்பார். ‘ப்ளீஸ் பி சீட்டட் பை 6.10’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அழைப்பவரிடம் கேட்டுச் சேர்ப்பது நல்லது.

‘பாஸ்ட்’ என்ற சொல் உங்கள் கோவில் அறிவித்தல்களிலும் வரும். தவக்காலத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தால் இரண்டையும் ‘பாஸ்டிங்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருசந்தி முழு உணவை ஒரு வேளையாகக் குறைப்பது. ‘பாஸ்டிங்’ அதற்கு உரியது. சுத்தபோசனம் இறைச்சியை விலக்குவது, அது ‘அப்ஸ்டினன்ஸ்’. திருச்சபைச் சட்டப்படி முன்னது 18 வயது நிறைந்தவர்களுக்கும் பின்னது 14 வயது நிறைந்தவர்களுக்கும் கடமையாவதால், சொல் மாறினால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று தனக்கு விதிக்கப்படாத பட்டினியைக் கிடக்க நேரும்.

அன்புடன்.