கழன்று விழும் சங்கிலி: கொக்கியை மாற்றுவதற்கு முன்

கேள்வி: தினமும் அணியும் மெல்லிய சங்கிலி இரண்டு மாதத்தில் இரண்டு முறை கழுத்திலிருந்து கழன்றுவிட்டது. நல்லவேளையாக இரண்டு முறையும் சட்டைக்குள்ளேயே விழுந்தது. இப்போது இருப்பது சிறிய வட்டமான ஸ்பிரிங் ரிங் கொக்கி. இதற்குப் பதிலாகக் கொடுக்கு வடிவ லாப்ஸ்டர் கொக்கி போடுவதா, பெட்டிப் பூட்டு போடுவதா?

பதில்: விழுந்த சங்கிலியைக் கையில் எடுத்தபோது கொக்கி மூடியிருந்ததா, திறந்திருந்ததா? நினைவில்லை என்றால் சங்கிலியின் மறுமுனையில் கொக்கி மாட்டும் வளையத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கம்பியை வளைத்து இரு முனைகளையும் சேர்த்துவைத்த வளையம் அது. முனைகள் பற்றவைக்கப்படாமல் இருந்தால், துண்டிலோ தலைமுடியிலோ சிக்கி இழுபடும்போதெல்லாம் முடி அளவு விலகிக்கொண்டே வரும். ஒரு நாள் அந்த இடைவெளி வழியாகச் சங்கிலி நழுவிவிடும். கொக்கி மூடியபடியே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும். கொக்கியைச் சங்கிலியோடு இணைக்கும் சின்ன வளையத்துக்கும் இதே கதைதான். என் சங்கிலி ஒன்றில் மூன்று ஆண்டுகளில் இரண்டு கொக்கிகளை மாற்றிய பிறகே எனக்கு இது புரிந்தது.

வளையங்கள் சரியாக இருந்தால் சந்தேகம் கொக்கியின் மேல்தான். ஸ்பிரிங் ரிங் என்பது உள்ளீடற்ற குழாயை வட்டமாக வளைத்தது. குழாய்க்குள் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. வெளியே நீட்டியிருக்கும் சிறு குமிழை நகத்தால் இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டு பின்வாங்கும், விட்டால் முன்னே பாயும். குமிழை இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். தண்டின் நுனி எதிர்ப்பக்கக் குழாய்க்குள் புகுந்து மறைய வேண்டும். பாதியில் நின்றாலோ, விரலால் தள்ளினால்தான் மூடுகிறது என்றாலோ அதன் ஆயுள் முடிந்தது. வியர்வையும் கிரீமும் உள்ளே படிந்து ஸ்பிரிங்கை இறுக்கிவிடுகின்றன. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்தால் சில சமயம் உயிர் வரும், ஆனால் சோர்ந்துபோன ஸ்பிரிங்கை யாரும் திறந்து பழுது பார்ப்பதில்லை. மாற்றுவதுதான் வழக்கம்.

தினமும் அணியும் சங்கிலிக்கு நான் லாப்ஸ்டர்தான் சொல்வேன். அதில் பாரம் விழும் இடம் வேறு. சங்கிலி இழுபடும்போது இழுவையைத் தாங்குவது கொக்கியின் தடித்த வளைவு. ஸ்பிரிங் உள்ள நாக்கு வாயை மூடிவைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. பெட்டிப் பூட்டில் இது தலைகீழ். மடித்த தகடு ஒன்று நாக்காகப் பெட்டிக்குள் நுழைந்து, 'டக்' என்று உள்விளிம்பில் தடைபட்டு நிற்கிறது. முழு இழுவையும் அந்த மடிப்பின் மேல்தான். அழுத்தி அழுத்தித் திறப்பதில் மடிப்பு தட்டையாகிவிடும், சத்தமும் மங்கிவிடும். சத்தம் கேட்காத பெட்டிப் பூட்டை நம்பாதீர்கள். மெல்லிய கத்தி முனையால் மடிப்பைச் சிறிது விரித்தால் பிடிப்பு திரும்பும், ஆனால் பல முறை செய்தால் தகடு முறிந்துவிடும். பல சரங்கள் கொண்ட மாலைக்கும் முத்துச் சரத்துக்கும் பெட்டிப் பூட்டுதான் அழகு. அங்கேயும் பக்கவாட்டில் எட்டு வடிவப் பாதுகாப்புக் கம்பி இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நாக்கு நழுவினாலும் அது பிடித்துக்கொள்ளும். உங்கள் மெல்லிய சங்கிலிக்குப் பெட்டிப் பூட்டு தேவையில்லை.

லாப்ஸ்டரிலும் மிகச் சிறியதை வாங்காதீர்கள். அதன் நாக்கு மெலிதாக இருக்கும், நகமும் பிடிக்காது. மிகப் பெரியது கனத்தால் கழுத்தின் முன்பக்கத்துக்குச் சுற்றி வந்துவிடும். மெல்லிய சங்கிலிக்கு 9 முதல் 10 மி.மீ. நீளம் போதும். கடையில் நாக்கை இழுத்து விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நாக்கும் கொக்கியின் மூக்கும் சேரும் இடத்தில் ஒளிக்கீற்று தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

பொருத்தக் கொடுக்கும்போது இரண்டு முனை வளையங்களையும் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். சுடர் கொக்கியைத் தொடக்கூடாது. சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது: புதுக் கொக்கி பளபளவென்று வந்தது, நாக்கு மட்டும் தளர்ந்து தொங்கியது. லேசர் வசதி இருக்கும் இடத்தில் சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடும். எங்கே கொடுத்தாலும், வாங்கும்போது கொக்கியைப் பத்து முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.